பலகையில் இருக்கும் பெயர் யாருடையது?

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் தம்பி 41 பக்கக் கட்டொன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். கட்டாரில் ஒன்பது வருடம் உழைத்துச் சேர்த்த பணமும், மனைவியின் நகைகளை விற்றால் வரக்கூடிய பணமும் சேர்ந்து அவனிடம் 80 இலட்சம் ரூபா இருந்தது. கொழும்பில் பேர்போன ஒரு பொரித்த கோழிக் கடைக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் கிளை திறக்கப் போவதாகச் சொன்னான். மாத முடிவுக்குள் கையெழுத்திட வேண்டுமாம்.

“எல்லாம் சரி ராத்தா, நீங்க ஒருக்கா வாசிச்சுப் பாருங்க. கையெழுத்து மட்டும்தான் பாக்கி” என்றான்.

நான் வணிகப் பாடம் கற்பிப்பவள். ‘பிரான்சைஸ்’ என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். ஆனாலும் உண்மையான பிரான்சைஸ் ஒப்பந்தம் ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு வாரங்களில் நான் அறிந்துகொண்டதை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் உழைத்த பணத்தோடு ஊர் திரும்பும் பலருக்கு இப்படியான கட்டொன்று இன்று நீட்டப்படுகிறது. வீட்டுப் பெண்களிடமும் அதில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

வாங்குவது கடையை அல்ல

ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடத்தில் உள்ள கே.எப்.சி. கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலகையில் இருப்பது அமெரிக்கப் பெயர். கடையை நடத்துவதோ இலங்கையின் கார்கில்ஸ் நிறுவனம். இதுதான் பிரான்சைஸ். ஒருவர் தன் பெயரையும் சின்னத்தையும் செய்முறையையும் பயன்படுத்த மற்றவருக்கு உரிமம் கொடுக்கிறார். உரிமம் எடுத்தவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கடையை நடத்தி, அந்த உரிமத்துக்குக் கட்டணம் செலுத்துகிறார்.

“நாங்க கடை வாங்கிறம்” என்றான் தம்பி. ஒப்பந்தத்தில் அப்படி இருக்கவில்லை. குறித்த ஒரு முகவரியில் 5 வருட காலத்துக்கு ஒரு பெயரைப் பயன்படுத்த அனுமதி என்றுதான் இருந்தது. வாடகை வீட்டுக்கும் சொந்த வீட்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் இது. வாடகை வீட்டில் நீங்கள் நட்ட மாமரம் காய்க்கும்போது தவணை முடிந்தால், மரம் வீட்டுக்காரருக்கே போய்ச் சேரும்.

ஒப்பந்தத்தை எங்கள் கல்லூரியின் பழைய மாணவி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் இப்போது சட்டத்தரணி. அவர் முதலில் சொன்னது இதுதான்: “ரீச்சர், இதைக் கடைசிப் பக்கங்களிலிருந்து வாசியுங்கோ. எப்படித் தொடங்கும் என்று எல்லாரும் கேட்டு அறிந்துகொள்ளுவினம். எப்படி முடியும் என்று ஒருத்தரும் கேட்கிறதில்லை.”

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை, நான் பிறகு விவரிக்கப்போகும் இந்திய வழக்கொன்று காட்டுகிறது. அதற்கு முன் கட்டணம், எல்லை, கட்டுப்பாடு என்ற மூன்றையும் பார்த்துவிடுவோம். முடிவில் என்ன நடக்கும் என்பது இந்த மூன்றிலும்தான் தங்கியிருக்கிறது.

விற்பனையில் ஒரு பங்கு, இலாபத்தில் அல்ல

தம்பியின் ஒப்பந்தத்தில் நுழைவுக் கட்டணம் 20 இலட்சம். எக்காரணம் கொண்டும் அது திருப்பித் தரப்படாது. கடையை அவர்கள் சொல்லும் வடிவில் அமைக்கவும் அடுப்பு, குளிர்சாதனம் முதலியவற்றை வாங்கவும் 60 இலட்சம். அதன்பின் மாதந்தோறும் விற்பனையில் நூற்றுக்கு 6 உரிமக் கட்டணம், நூற்றுக்கு 2 விளம்பர நிதி.

“எட்டு வீதம்தானே ராத்தா” என்றான். கொப்பியை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். மாத விற்பனை 25 இலட்சம் என்று வைத்துக்கொண்டோம். கோழியும் மாவும் எண்ணெயுமாக மூலப்பொருளுக்கு விற்பனையில் நூற்றுக்கு 45 போகும், அது 11.25 இலட்சம். சம்பளம் 4 இலட்சம், வாடகை 1.75, மின்சாரமும் எரிவாயுவும் 2, பொதி செய்தல், போக்குவரத்து, மற்றச் செலவுகள் 1.5. எல்லாம் போக 4.5 இலட்சம் மிஞ்சுகிறது. அதில் 2 இலட்சம் நிறுவனத்துக்கு. தம்பிக்கு 2.5 இலட்சம்.

இது மோசமில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் வந்து விற்பனை 20 இலட்சமாகக் குறைந்தால் என்ன ஆகும்? மூலப்பொருட் செலவு 9 இலட்சமாகக் குறையும். சம்பளம், வாடகை, மின்சாரம் முதலிய 9.25 இலட்சமும் அப்படியே நிற்கும். மிஞ்சுவது 1.75 இலட்சம். நிறுவனத்தின் 8 வீதம் 1.6 இலட்சம். தம்பியின் கையில் 15 ஆயிரம்.

விற்பனை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தபோது நிறுவனத்தின் வருமானமும் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. தம்பியின் வருமானமோ ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. கட்டணம் இலாபத்தில் அல்லாமல் விற்பனையில் எடுக்கப்படுவதன் பொருள் இதுதான். நட்டம் வரும் மாதத்திலும் அது கட்டப்பட வேண்டும்.

கட்டணம் என்று எழுதப்படாத கட்டணமொன்றும் இருந்தது. கோழியும் மசாலாவும் நிறுவனம் சொல்பவரிடம், நிறுவனம் சொல்லும் விலைக்கே வாங்கப்பட வேண்டும். மூலப்பொருட் செலவு 45 வீதத்திலிருந்து 49 வீதமாக ஏறினால், 25 இலட்ச விற்பனையில் தம்பியின் 2.5 இலட்சம் 1.5 இலட்சமாகிவிடும். உரிமக் கட்டணம் 6 வீதம் என்று பார்த்துத் திருப்திப்படுபவர் இந்தக் கதவைக் கவனிப்பதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 80 இலட்சம் முதல், மாதம் 2.5 இலட்சம் வருமானம். எல்லாம் நன்றாக நடந்தாலும் போட்ட முதல் திரும்பி வர 32 மாதம் செல்லும். ஒப்பந்த காலம் 60 மாதம். அப்படியானால் உண்மையான இலாபம் கடைசி 28 மாதங்களில்தான் இருக்கிறது. அதற்கு முன் ஒப்பந்தம் முறிந்தால் தம்பி உழைத்தது தன் முதலை மீட்பதற்குக்கூடப் போதாது.

எல்லை எங்கே முடிகிறது?

“யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத்தான்” என்று தம்பி நம்பியிருந்தான். பேச்சில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். எழுத்தில் இருந்ததோ கடையின் முகவரி மட்டும். அதோடு, அந்த உரிமம் அவனுக்கு மட்டும் உரியதல்ல என்றும் ஒரு வரி. அதன்படி அதே நிறுவனம் நல்லூரிலோ சுன்னாகத்திலோ அடுத்த மாதமே இன்னொரு கிளையைத் திறக்கலாம். அதே பெயரில் உறைந்த கோழியைப் பொதிசெய்து சுப்பர்மார்க்கெட்டுகளில் விற்கலாம். குடாநாடு பெரிய இடமல்ல. பட்டினத்துக் கடைக்குச் சாவகச்சேரியிலிருந்தும் நெல்லியடியிலிருந்தும் வருபவர்களை நம்பித்தான் 25 இலட்சம் என்ற கணக்கே போடப்பட்டது.

எல்லை எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இந்தியாவின் மக்டொனால்ட்ஸ் நல்ல உதாரணம். அந்த நிறுவனம் 1990களில் இந்தியாவுக்கு வந்தபோது நாட்டை இரண்டாகப் பிரித்தது. வடக்கும் கிழக்கும் டெல்லியைச் சேர்ந்த விக்ரம் பக்ஷிக்கு. மேற்கும் தெற்கும் மும்பையைச் சேர்ந்த அமித் ஜாட்டியாவுக்கு. ஒருவர் மற்றவருடைய பகுதியில் கடை திறக்க முடியாது. பிற்காலத்தில் டெல்லியில் கடைகள் மூடப்பட்டபோது சென்னைக் கடைகளை அது தொடவில்லை. வாடிக்கையாளரின் கண்ணுக்கு ஒரே கடை. எழுத்தில் இரண்டு வேறு வியாபாரங்கள்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு?

ஒப்பந்தத்தோடு ஒரு கைந்நூலும் இணைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் எத்தனை பாகை சூட்டில் இருக்க வேண்டும், பொரித்த கோழியை எத்தனை நிமிடத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, ஊழியரின் தொப்பி என்ன நிறம் என்று எல்லாம் அதில் எழுதியிருந்தது. அறிவிக்காமல் வந்து சோதிக்கவும், கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. தம்பிக்கு இது எரிச்சலாக இருந்தது.

ஆனால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கிளையில் கெட்ட கோழியைச் சாப்பிட்டவர் அந்தக் கிளையை மட்டும் ஏசமாட்டார்; பெயரைத்தான் ஏசுவார். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் இதையே எதிர்பார்க்கிறது. வியாபாரக் குறியைப் பயன்படுத்த ஒருவருக்கு உரிமம் கொடுப்பவர், அந்தக் குறியின்கீழ் விற்கப்படும் பொருளின் தரத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாத உரிம ஒப்பந்தம் செல்லாது. ஆகவே கட்டுப்பாடு இருப்பதைக் குறையாகச் சொல்ல முடியாது. நாம் பார்க்க வேண்டியது வேறு. அந்தக் கைந்நூலை நிறுவனம் தான் நினைத்தபோது, கேட்காமல், மாற்றலாமா? மாற்றினால் அந்தச் செலவு யாருடையது?

தம்பியின் ஒப்பந்தத்தில் எப்போதும் மாற்றலாம் என்று இருந்தது. எங்களுக்கு இது கோழியில் வந்து நின்றது. இப்போது கோழி தருபவருக்கு ஹலால் சான்றிதழ் உண்டு. நாளைக்கு நிறுவனம் விலை குறைந்த வேறொருவரிடம் மாறினால்? அவரிடம்தான் வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. வாங்காவிட்டால் அது ஒப்பந்த மீறல். பலகையில் பெயர் நிறுவனத்தினுடையது. கல்லாவில் இருப்பவனோ சோனகத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த என் தம்பி. பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

பதவி திரும்பி வந்தது, பெயர் போனது

இனி அந்தக் கடைசிப் பக்கங்களுக்கு வருவோம். நான் சொன்ன இந்திய வழக்கு இதுதான்.

விக்ரம் பக்ஷியும் மக்டொனால்ட்ஸும் 1995இல் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பெயர் கனாட் பிளாசா ரெஸ்டோரன்ட்ஸ். பங்கு பாதிக்குப் பாதி. 1996இல் டெல்லியில் முதற் கடை திறந்தது. காலப்போக்கில் வடக்கிலும் கிழக்கிலும் 160க்கு மேற்பட்ட கடைகள் வந்தன. இங்கே இரண்டு விதமான ஒப்பந்தங்கள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். கூட்டு நிறுவனத்தை யார் நிருவகிப்பது என்பது ஒன்று. அந்த நிறுவனத்தின் கடைகள் மக்டொனால்ட்ஸ் என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் மற்றது.

2013 ஓகஸ்ட்டில் பக்ஷி நிருவாகப் பணிப்பாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்குக்குப் போனார். நான்கு வருடங்களின் பின், 2017 ஜூலையில், தேசிய கம்பனிச் சட்டத் தீர்ப்பாயம் அவரை மீண்டும் பதவியில் அமர்த்தியது. அவர் வென்றுவிட்டார் என்று தோன்றும்.

அடுத்த மாதம், 2017 ஓகஸ்ட் 21ஆம் திகதி, மக்டொனால்ட்ஸ் 169 கடைகளின் உரிம ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது. உரிமக் கட்டணம் செலுத்தப்படாதது உட்பட ஒப்பந்த மீறல்களை அது காரணமாகச் சொன்னது. 15 நாட்களுக்குள் பெயரையும் சின்னத்தையும் செய்முறைகளையும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்று அறிவித்தது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தி யோசித்தேன். தீர்ப்பாயம் அவருக்குத் திருப்பிக் கொடுத்தது நாற்காலியை. பெயர் வேறொரு ஒப்பந்தத்தில் இருந்தது. கடைக் கட்டடங்களும் அடுப்புகளும் ஊழியர்களும் கூட்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தாலும், பலகையில் இருந்த எழுத்துகள் அவருக்குச் சொந்தமானவையாக ஒருபோதும் இருந்ததில்லை.

அறிவித்தல் வந்தவுடன் கடைகள் மூடப்படவில்லை. வழக்குகள் நடந்துகொண்டிருக்க, கடைகளும் நடந்தன. ஆனால் அந்த வருடம் டிசம்பரில் பொருட்களைக் கொண்டுவந்து சேர்க்கும் நிறுவனம் விநியோகத்தை நிறுத்தியது. ஏறத்தாழ 80 கடைகள், பெரும்பாலும் கிழக்கில், மூடப்பட்டன. மூலப்பொருளை ஓரிடத்திலிருந்து மட்டும் வாங்க வேண்டும் என்ற விதியின் பலம் இங்கே தெரிகிறது. நீதிமன்றத்தின் கட்டளை வருவதற்கு முன்பே ரொட்டியும் இறைச்சியும் வராமல் நின்றுவிடும்.

கடைசியில் 2019 மே மாதத்தில் இரு தரப்பும் இணக்கத்துக்கு வந்தன. பக்ஷி தன் பாதிப் பங்கை மக்டொனால்ட்ஸுக்கு விற்றுவிட்டு வெளியேறினார். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பணமும் சட்டத்தரணிகளும் நிறைய இருந்த ஒருவருக்கே இந்தச் சண்டை முடிய ஆறு வருடம் எடுத்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

நம் நாட்டிலும் இது நடந்தது. 2024 மார்ச்சில் இலங்கையில் இருந்த மக்டொனால்ட்ஸ் கடைகள் 12உம் மூடப்பட்டன. அவற்றை நடத்திவந்தது அபான்ஸ் குழுமம். தரநிலை தொடர்பான பிரச்சினைகளால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதாகத் தாய் நிறுவனத்தின் தரப்பு சொன்னது. விடயம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போனது.

முறிந்த பிறகு என்ன நடக்கும்?

சட்டத்தரணி எங்களை உட்கார வைத்து, தம்பியின் ஒப்பந்தம் நாளைக்கு முறிந்தால் நாளுக்கு நாள் என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டு போனார்.

முதலில் அறிவித்தல் கடிதம் வரும். தவறைத் திருத்த அவகாசம் உண்டா என்பதுதான் இங்கே உயிர்க் கேள்வி. தம்பியின் ஒப்பந்தத்தில், கட்டணம் ஏழு நாள் பிந்தினால் அவகாசமின்றியே முறிக்கலாம் என்று இருந்தது. மழைக்கால மாதத்தில் 15 ஆயிரம் மிஞ்சும் கடைக்கு ஏழு நாள் பிந்துவது பெரிய அதிசயமல்ல.

அதன்பின் பெயரை அகற்ற வேண்டும். பலகை, சீருடை, பொதி, சுவரின் நிறம் எல்லாமே தம்பியின் செலவில். 60 இலட்சத்தில் அடுப்புகளையும் குளிர்சாதனங்களையும் பழைய விலைக்கு விற்கலாம். சுவருக்கும் பலகைக்கும் போட்ட பணம் போனதுதான்.

மூன்றாவது, கடை இடம். கட்டடத்தின் குத்தகை தம்பியின் பெயரில் இருந்தாலும், ஒப்பந்தம் முறிந்தால் அந்தக் குத்தகையை நிறுவனம் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று 33ஆம் பக்கத்தில் ஒரு வாசகம். அப்படி மாற்றினால், தம்பி மூன்று வருடம் பழக்கிவிட்ட வாடிக்கையாளர்கள் அதே வாசலுக்கு வருவார்கள். கல்லாவில் வேறொருவர் இருப்பார்.

நான்காவது, முறிந்த பின் இரண்டு வருடத்துக்கு வட மாகாணத்தில் எங்கும் அவன் கோழி வியாபாரம் செய்யக் கூடாது. இப்படியான தடை நியாயமான அளவில் இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும் என்றார் சட்டத்தரணி. ஆனால் அதைப் பார்க்கச் சொல்லி வழக்குப் போடவும் பணம் வேண்டும், காலமும் வேண்டும்.

ஐந்தாவதாக ஒரு சிறு தாள் இருந்தது. அது பிணைப் பத்திரம். தம்பி கம்பனியாகப் பதிவுசெய்து தொழில் செய்தாலும், கம்பனி செலுத்தாத கடனுக்குத் தாங்கள் இருவரும் பொறுப்பு என்று அவனும் அவன் மனைவியும் கையெழுத்திட வேண்டும். நகையைக் கொடுத்தவளிடமே, அதற்குமேல் வரக்கூடிய கடனுக்கும் கையெழுத்துக் கேட்கப்பட்டிருந்தது. “சும்மா ஒரு சைன்” என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

சில நாடுகளில் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டப்படி உரிமம் ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது. தகுந்த காரணமின்றி இடையில் முறிக்க முடியாது. மீறலைத் திருத்தக் குறைந்தது 14 நாள் கொடுக்கப்பட வேண்டும். அமெரிக்காவில் கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாட்களுக்கு முன், நிறுவனம் தன் வழக்குகளையும் கட்டணங்களையும் மூடப்பட்ட கிளைகளையும் வெளிப்படுத்தும் ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமும் புலமைச் சொத்துச் சட்டமும்தான் உண்டு. ஆகவே இங்கே உங்களைக் காப்பது பெரும்பாலும் அந்தத் தாளில் எழுதியிருப்பதுதான். வாயால் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தின் பகுதியல்ல என்று அந்தத் தாளிலேயே ஒரு வரியும் இருக்கும்.

நாங்கள் கேட்டதும் அவர்கள் தந்ததும்

தம்பி நிறுவனத்துக்கு ஐந்து திருத்தங்களை எழுதி அனுப்பினான். யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் வேறு கிளை திறக்கக் கூடாது. கட்டணம் பிந்தினால் 30 நாள் அவகாசம் வேண்டும். கோழி ஹலால் சான்றிதழ் உள்ளவரிடமிருந்தே வர வேண்டும். குத்தகை அவன் பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவியின் பிணை நீக்கப்பட வேண்டும்.

முதல் மூன்றையும் அவர்கள் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கேட்காமல் விட்டிருந்தால் அவையும் கிடைத்திருக்கா. அச்சடித்து வந்த தாளை மாற்ற முடியாது என்று நம்மவர் நினைப்பது எவ்வளவு தவறு என்று அன்று கண்டோம். குத்தகைக்கும் பிணைக்கும் மட்டும் அவர்கள் இணங்கவில்லை.

இரண்டு இரவு தம்பி தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் உம்மா ஒரு கதையைச் சொன்னா. எங்களுக்குத் தெரிந்த கதைதான். வாப்பாவுக்குப் பட்டினத்தில் இரும்புச் சாமான் கடை இருந்தது. 1990 ஒக்டோபரில் எல்லாரையும்போல நாங்களும் கையில் இருந்ததோடு வெளியேறினோம். கடை போனது, சாமான் போனது. புத்தளம் தில்லையடியில் வாப்பா ஒரு தகரக் கொட்டிலில் ஆணியும் கம்பியும் விற்கத் தொடங்கியபோது, ஒரு பலகைத் துண்டில் பழைய கடையின் பெயரைத்தான் எழுதி மாட்டினார். யாழ்ப்பாணத்தில் அவரிடம் வாங்கியவர்கள் அந்தப் பெயரைப் பார்த்துத் தேடி வந்தார்கள்.

“அண்டைக்கு எங்களிட்ட மிஞ்சினது பேர் ஒண்டுதான்” என்றா உம்மா. அவ்வளவுதான் சொன்னா.

தம்பி கையெழுத்திடவில்லை. 30 இலட்சத்தோடு தன் பெயரிலேயே சிறிய கடையொன்றைத் திறந்தான். மனைவியின் நகைகள் விற்கப்படாமல் இருக்கின்றன. இதை வெற்றிக் கதையாக நான் எழுதவில்லை. அவன் கைவிட்ட உரிமத்தை வேறொருவர் எடுத்தார். அந்தக் கடையில் மாலை வேளையில் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. தம்பியின் கடையில் அந்தக் கூட்டத்தில் கால்வாசியும் இல்லை. அந்த வழியால் போகும்போது அவன் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர் நல்ல நிபந்தனைகளைப் பேசி வாங்கியிருக்கலாம்; குத்தகையைப் பற்றிக் கவலைப்படாத அளவுக்கு அவரிடம் வேறு முதல் இருக்கலாம். பெயர் உள்ள கடைக்கு முதல் நாளே ஆள் வரும். பெயர் இல்லாத கடை ஆளைத் தேட வேண்டும். அந்த வசதிக்குத்தான் 8 வீதம் கேட்கிறார்கள். அதைக் கொடுப்பது தவறல்ல.

ஆனால் கொடுப்பவர் தன் கணக்கைத் தானே போட்டிருக்க வேண்டும். முதல் திரும்பி வர எத்தனை மாதம், ஒப்பந்தம் எத்தனை மாதம், தவறைத் திருத்த எத்தனை நாள், முறிந்தால் இடம் யாருக்கு, பிணை யாருடையது? இந்த ஐந்துக்கும் பதில் தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால், மாத முடிவு வந்தாலும் பேனாவை எடுக்க வேண்டாம். உங்களிடம் “சும்மா ஒரு சைன்” கேட்டால், அந்தத் தாளைக் கையில் வாங்கி முதலில் வாசியுங்கள்.